கடைசிக் கட்டம் சொல்லும் பொய்

செமஸ்டர் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள். இடது ஓரம் ரோல் நம்பர், அடுத்து பெயர், அப்புறம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று ஐந்து கட்டங்கள், கடைசியில் 'மொத்தம்' என்று ஒரு கட்டம். சில பெயர்களுக்கு நேரே மட்டும் சிவப்பு மையில் 'ஷார்ட்டேஜ்'. கூட்டம் அம்மும். நடுவில் இருக்கும் ஐந்து கட்டங்களை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். எல்லார் கண்ணும் நேரே கடைசிக் கட்டத்துக்குத்தான் போகும். பரீட்சைக் கட்டண வாசலும் ஹால் டிக்கெட்டும் அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகின்றன.

அந்த எண் பல இடங்களில் தப்பு. பிரிண்டிங் மிஸ்டேக் இல்லை, யாரும் வேண்டுமென்று பண்ணியதும் இல்லை. பி.காம். வகுப்பில் நடத்தும் ஒரு சின்ன பாடத்தை, கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் போடும்போது மறந்துவிடுவதால் வருகிற தப்பு. வருஷா வருஷம் வருகிறது. யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் 'கம்ப்யூட்டர் போட்ட கணக்கு' ஆச்சே!

ஒரு கணக்கு பார்க்கலாம். எண்கள் சுலபமாக இருக்கட்டும் என்று ரவுண்டாக எடுத்தவை, நடப்பது இதேதான்.

ஒரு மாணவி. ரோல் நம்பர் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் கடைசி வாரம்தான் காலேஜ் திறந்தார்கள், மொத்தமே 20 மணி நேர வகுப்பு. அவளுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது, 10 மணி நேரம்தான் வந்தாள். ஜூலையில் 100 மணி நேரம் நடந்தது, 82 வந்தாள். ஆகஸ்டில் 100க்கு 80. செப்டம்பரில் 90க்கு 72. அக்டோபரில் பண்டிகை லீவு, மழை லீவு எல்லாம் போக 40 மணி நேரம், அதில் 28. போர்டில் அவள் பெயருக்கு நேரே இருந்தது இதுதான்: 50, 82, 80, 80, 70. மொத்தம் 72.4. ஷார்ட்டேஜ்.

எப்படி வந்தது 72.4? ஐந்து சதவீதத்தையும் கூட்டினால் 362. ஐந்தால் வகுத்தால் 72.4. கணக்கு சரிதானே என்று தோன்றும். அவள் ஆபீஸில் போய் நின்றாள்.

"சார், எனக்கு மொத்தம் 350 ஹவர்ஸ்ல 272 வந்திருக்கேன் சார். 77 வரணும்."

"ஏம்மா, மாசா மாசம் பர்சன்டேஜ் நீயே பார்த்து கையெழுத்து போட்டிருக்கே. அதைத்தான் கூட்டி வகுத்திருக்கு. வேணும்னா கால்குலேட்டர்ல போட்டுப் பாரு."

அவர் சொன்னதும் பொய் இல்லை, அவள் சொன்னதும் பொய் இல்லை. 272ஐ 350ஆல் வகுத்தால் 77.71. இரண்டு பேர் கையிலும் ஒரே ரிஜிஸ்டர். ஆனால் ஒருத்தர் கணக்கில் அவள் பரீட்சை எழுதலாம், இன்னொருத்தர் கணக்கில் அபராதம் கட்டவேண்டும். பல பல்கலைக்கழகங்களில் 75தான் கோடு. அதற்குக் கீழே 65 வரைக்கும் 'கண்டோனேஷன்' என்று பணம் கட்டி எழுதலாம், அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் பேப்பரை பிறகுதான் எழுதவேண்டும். விதி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் எந்த விதிப் புத்தகத்திலும் 'மாதச் சதவீதங்களின் சராசரி' என்று இருக்காது. நடந்த வகுப்பில் எத்தனை வகுப்புக்கு வந்தார் என்பதுதான் விதி.

இதே ரிப்போர்ட்டில் ரோல் நம்பர் 23 என்று ஒருவன். ஜூனில் 20க்கு 20, ஃபுல். ஜூலையில் 100க்கு 72, ஆகஸ்டில் 100க்கு 70, செப்டம்பரில் 90க்கு 63, அக்டோபரில் 40க்கு 36. சதவீதங்கள் 100, 72, 70, 70, 90. சராசரி 80.4! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். உண்மையில் அவன் வந்தது 350க்கு 261, அதாவது 74.57. ஷார்ட்டேஜ் அவனுக்குத்தான் வந்திருக்கவேண்டும்.

வகுப்பே நடக்காத மாதத்தில் தவறாமல் வந்தவன் தப்பித்தான். வகுப்பு நடந்த மாதங்களில் ஒழுங்காக வந்தவள் மாட்டினாள். 20 மணி நேர ஜூனுக்கும் 100 மணி நேர ஜூலைக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வினை. ஜூனில் ஒரு மணி நேரம் வராவிட்டால் அந்த மாதத்தில் 5 சதவீதம் போகும். ஜூலையில் ஒரு மணி நேரம் வராவிட்டால் 1 சதவீதம்தான் போகும். ஆக, ஜூனில் போட்ட ஒரு மட்டம் ஜூலையில் போட்ட ஐந்து மட்டத்துக்குச் சமம் என்று அந்தக் கடைசிக் கட்டம் சொல்கிறது. எந்தப் பிரின்சிபால் இப்படி ஒரு விதி போட்டார்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் கூடுதலாகக் கோபம் வரவேண்டும். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஸ்டோர்ஸ் லெட்ஜர் போடுகிறீர்களே, அதில் சிம்பிள் ஆவரேஜ், வெயிட்டட் ஆவரேஜ் என்று இரண்டு முறை வரும். 20 கிலோ ஒரு விலைக்கும், 100 கிலோ இன்னொரு விலைக்கும் வாங்கியிருந்தால், இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுப்பது சிம்பிள் ஆவரேஜ். அளவைக் கண்டுகொள்ளாததால் அது சரியான விலையைக் காட்டாது என்று பாடப் புத்தகமே சொல்லும், பரீட்சையில் இரண்டு மார்க்குக்குக் கேட்பார்கள். சரக்கு விலைக்குக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற அதே கட்டடத்தில், அதைச் சொல்லிக்கொடுக்கிற அதே டிபார்ட்மெண்டில், மாணவர் வருகைக்கு சிம்பிள் ஆவரேஜ் போடுகிறார்கள்.

சரி, இந்தத் தப்பு எங்கே பிறக்கிறது? வரிசைகளைப் புரட்டி நெடுவரிசையாக்குகிற இடத்தில்.

வருகைப் பதிவு இயல்பாக ஒரு நாளேடு மாதிரி. ஒரு மாணவர், ஒரு தேதி, ஒரு மணி நேரம், வந்தாரா இல்லையா. இது ஒரு வரிசை. 60 பேர் வகுப்பு, 350 மணி நேரம் என்றால் ஒரு செமஸ்டருக்கு 21,000 வரிசைகள். ஐயோ அவ்வளவா என்று பயப்பட ஒன்றும் இல்லை. 2007க்கு முந்தைய பழைய எக்ஸெல்லிலேயே ஒரு ஷீட்டில் 65,536 வரிசை கொள்ளும், அதற்குப் பிறகு வந்ததில் பத்து லட்சத்துக்கும் மேல். 21,000 வரிசையை நோட்டீஸ் போர்டில் ஒட்டமுடியாது என்பதால்தான் புரட்டல் தேவைப்படுகிறது. ஒருவருக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு நெடுவரிசை. இதைத்தான் பிவட் என்கிறார்கள். எக்ஸெல்லில் பிவட் டேபிள் 1993லேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் `PIVOT` என்ற சொல்லே 2005 பதிப்பில் வந்தது. மை.எஸ்.க்யூ.எல்.லில் அந்தச் சொல் இன்றுவரை கிடையாது, அதனால் ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை. கீழே இருப்பதைப் போல `CASE` வைத்து எழுதினால் பெரும்பாலான டேட்டாபேஸ்களில் ஓடும்.

```sql
SELECT roll_no,
  AVG(CASE WHEN ym = '2025-06' THEN 100.0 * present END) AS jun,
  AVG(CASE WHEN ym = '2025-07' THEN 100.0 * present END) AS jul,
  AVG(CASE WHEN ym = '2025-08' THEN 100.0 * present END) AS aug,
  AVG(100.0 * present) AS total
FROM attendance
GROUP BY roll_no;
```

(செப்டம்பர், அக்டோபருக்கு இதே மாதிரி இன்னும் இரண்டு வரி. இடம் கருதி விட்டாச்சு.)

இதில் `present` என்பது வந்திருந்தால் 1, வராவிட்டால் 0. `ym` என்பது வருஷமும் மாதமும் சேர்ந்தது. `GROUP BY` ஒரு மாணவரின் 350 வரிசைகளையும் ஒன்றாகக் கட்டுகிறது. ஒவ்வொரு `CASE`ம் அந்தக் கட்டுக்குள் தன் மாதத்து வரிசைகளை மட்டும் பொறுக்கி, மற்றதை காலியாக விட்டுவிடுகிறது. `AVG` காலியானதை எண்ணாது. ரோல் நம்பர் 17க்கு ஜூலை நெடுவரிசையில் 100 வரிசைகள் மட்டும் கணக்கில் வரும், 82 ஒன்றுகளும் 18 பூஜ்யங்களும். விடை 82.

கடைசி வரியைப் பாருங்கள். `total` என்பது ஐந்து மாத நெடுவரிசைகளில் இருந்து வரவில்லை. அது நேரே 350 மூல வரிசைகளுக்குப் போகிறது. அதனால் 77.71 வருகிறது. மொத்தச் சண்டையும் இந்த ஒரு வரிக்காகத்தான். புரட்டிய பிறகு கிடைத்த கட்டங்களைக் கூட்டி வகுத்தால் 72.4, புரட்டாத வரிசைகளில் இருந்து எடுத்தால் 77.71. புரட்டி முடித்து சதவீதம் மட்டும் எழுதிய பிறகு, ஜூனில் 20 மணி நேரம்தான் நடந்தது என்ற தகவல் தாளிலேயே இல்லை. தொலைந்துபோன தகவலை கால்குலேட்டர் எங்கிருந்து கொண்டுவரும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எக்ஸெல் பிவட் டேபிளில் மூல வரிசைகளைக் கொடுத்து, `present`ஐ Average ஆக வைத்தால், வலது ஓரத்தில் அதுவே போடுகிற Grand Total சரியாகத்தான் வரும். அது கட்டங்களைக் கூட்டி வகுப்பதில்லை, மூல வரிசைகளுக்கே போகிறது. 77.71 என்றுதான் காட்டும். ஆனால் நடப்பது என்ன? பிவட் டேபிளை காப்பி பண்ணி வேறு ஷீட்டில் பேஸ்ட் பண்ணுவார்கள், தலைப்பு அழகாகப் போடவேண்டுமே! அந்த அவசரத்தில் Grand Total நெடுவரிசை விடுபட்டுப்போகும். பக்கத்தில் `=AVERAGE(B2:F2)` என்று ஒரு ஃபார்முலா போட்டு கடைசி வரை இழுத்துவிடுவார்கள். மெஷின் சரியாகப் போட்டுக் கொடுத்ததை மனுஷன் அழித்துவிட்டு தப்பாகப் போட்டு, பழியை மெஷின் மேல் போடுகிறான்.

இன்னொரு ரகம் இருக்கிறது. இவர்கள் புரட்டவே மாட்டார்கள். ஆரம்பத்தில் இருந்தே ஷீட்டில் மாதத்துக்கு ஒரு நெடுவரிசை, அதில் நேராக சதவீதம் டைப் பண்ணுவது. மூல வரிசை என்று எதுவுமே கிடையாது. பரீட்சை தள்ளிப்போய் நவம்பரிலும் வகுப்பு நடந்தால் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை சேர்ப்பார்கள். ஃபார்முலா மட்டும் பழைய F நெடுவரிசையோடு நின்றுகொண்டிருக்கும். நவம்பரில் விழுந்து விழுந்து வகுப்புக்கு வந்தவன் எண் ஒரு புள்ளிகூட ஏறாது. அவன் கேட்டால் பதில் சொல்ல மூலப் பதிவும் இருக்காது. ஜர்னல் எழுதாமல் நேராக டிரையல் பேலன்ஸ் எழுதுகிற கிளார்க்கை எந்தக் கம்பெனியாவது வைத்துக்கொள்ளுமா?

அடுத்தது காலிக் கட்டம். இது இன்னும் மோசம், ஏனென்றால் இதில் மாட்டுவது எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள்: தாமதமாக அட்மிஷன் கிடைத்தவர்கள், வேறு காலேஜில் இருந்து மாறி வந்தவர்கள்.

ரோல் நம்பர் 58 ஜூலை முதல் தேதிதான் சேர்ந்தான். ஜூனில் அவனுக்கு ரிஜிஸ்டரில் பெயரே இல்லை. ஜூலை 100க்கு 76, ஆகஸ்ட் 100க்கு 75, செப்டம்பர் 90க்கு 68, அக்டோபர் 40க்கு 31. அவன் வரவேண்டியது 330 மணி நேரம், வந்தது 250. 75.76 சதவீதம். கோட்டைத் தாண்டிவிட்டான். மேலே இருக்கிற குறிப்பில் அவனுடைய ஜூன் கட்டம் காலியாக வரும், மொத்தம் 75.76 என்றே வரும்.

ஆனால் காலிக் கட்டம் என்றால் பலருக்குக் கை அரிக்கும். ரிப்போர்ட்டில் ஓட்டை மாதிரி இருக்கிறதாம், பார்க்க நன்றாக இல்லையாம். எக்ஸெல் பிவட் டேபிளில் காலிக் கட்டத்தில் என்ன காட்டவேண்டும் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதில் 0 என்று போட்டுவிடுவார்கள். எஸ்.க்யூ.எல். எழுதுபவர்கள் `COALESCE` போட்டு பூஜ்யமாக்குவார்கள். அழகுக்குச் செய்தது, அடுத்த அடியில் ஆளைக் கொல்லும். எக்ஸெல்லின் `AVERAGE` காலிக் கட்டத்தை விட்டுவிடும், ஆனால் பூஜ்யத்தை விடாது. 0, 76, 75, 75.56, 77.5 ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 60.8. அபராதம் கட்டி எழுதுகிற வரம்புக்கும் கீழே! ஒரு நாள் கூட அவன் வகுப்பில் இருக்கவேண்டிய கட்டாயமே இல்லாத ஒரு மாதத்துக்காக ஒரு செமஸ்டர் போகிறது.

"சிம்பிள் ஆவரேஜ் போடமாட்டோம், மொத்த மணி நேரத்தால்தான் வகுப்போம்" என்கிறவர்களும் இங்கே வழுக்கி விழுவார்கள். பல இடங்களில் வராதவர்களை மட்டும்தான் பதிவு செய்வார்கள், டைப் பண்ணுவது குறையும் என்று. நடந்த வகுப்பு எத்தனை என்பது தனியாக ஒரு இடத்தில் 350 என்று இருக்கும், எல்லாருக்கும் அதே. அப்போது நம்பர் 58க்கு 250ஐ 350ஆல் வகுப்பார்கள், 71.43. மறுபடியும் ஷார்ட்டேஜ். வகுக்கும் எண் ஆளுக்கு ஆள் வேறு. சேர்ந்த தேதியில் இருந்து நடந்த வகுப்புகள்தான் அவனுக்கான வகுக்கும் எண். வந்தவர், வராதவர் இருவருக்கும் வரிசை எழுதினால் இது தானாகவே சரியாகும், ஏனென்றால் சேர்வதற்கு முன்னால் அவனுக்கு வரிசையே இருக்காது. வராதவருக்கு மட்டும் வரிசை எழுதுவது என்றால், சேர்ந்த தேதியை யாராவது ஞாபகம் வைத்து நடந்த வகுப்பை அந்தத் தேதியில் இருந்து எண்ணவேண்டும். ஞாபகம் வைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

காலி என்பதும் பூஜ்யம் என்பதும் ஒன்று இல்லை. பூஜ்யம் என்றால் வகுப்பு நடந்தது, அவன் வரவில்லை. காலி என்றால் அவனுக்கு வகுப்பே இல்லை. ஜூன் முழுக்க மட்டம் போட்டவனுக்கு மேலே உள்ள குறிப்பில் 0 என்றே வரும், அவனுக்கு வரிசைகள் இருக்கின்றன, எல்லாம் பூஜ்யம். சேராதவனுக்குக் காலியாக வரும். இரண்டையும் பிரித்துக் காட்டுகிற வேலையை மெஷின் சும்மாவே செய்து கொடுக்கிறது. அதை அழகு கெடுகிறது என்று அழிக்காதீர்கள். வேண்டுமானால் காகிதத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

இதே `CASE`க்குள் `ELSE 0` சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு, பழக்க தோஷம். `SUM`மோடு அது பொருந்தும். `AVG`யோடு போட்டால் மற்ற மாதத்து வரிசைகள் எல்லாம் பூஜ்யமாக உள்ளே வந்துவிடும். நம்பர் 17க்கு ஜூலையில் 82க்குப் பதில் 23.43 வரும், 82ஐ 350ஆல் வகுத்தது. இந்தத் தப்பு பரவாயில்லை, வகுப்பே ஷார்ட்டேஜ் ஆகிவிடும், உடனே பிடித்துவிடலாம். `COUNT`டோடு `ELSE 0` போட்டால் இதற்கு நேர் எதிர்: பூஜ்யமும் ஒரு எண்தானே என்று `COUNT` அதையும் எண்ணிவிடும், ஊரே நூறு சதவீதம். அதையும் பிடித்துவிடலாம், புகார் சொல்லத்தான் ஒரு ஆளும் வரமாட்டான் :-)

பயப்படவேண்டியது பார்க்க நம்பும்படியாக இருக்கிற தப்புக்குத்தான். 72.4 நம்பும்படியாக இருக்கிறது. 80.4ம் நம்பும்படியாக இருக்கிறது. மாதத்தை மட்டும் பார்த்து வருஷத்தைப் பார்க்காமல் எழுதினால் இன்னொன்று வரும். `MONTH(att_date) = 7` என்று போட்டால் இரண்டாம் வருஷ மாணவனுக்கு 2024 ஜூலையும் 2025 ஜூலையும் ஒரே கட்டத்தில் கலந்துவிடும். முதல் வருஷம் ஜாலியாகச் சுற்றியவன் இரண்டாம் வருஷத்தில் திருந்தினாலும் பழைய பாவம் கூடவே வரும். எண் என்னவோ 78, 81 என்று சாதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் மேலே '2025-07' என்று வருஷத்தோடு இருக்கிறது.

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துவிடலாம்.

ஒன்று, "வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம்தான் வரும், இதுக்குப் போயா?" எல்லா மாதமும் ஒரே அளவு வகுப்பு நடந்தால் வித்தியாசமே வராது, உண்மை. ஆனால் எந்த செமஸ்டரிலும் முதல் மாதமும் கடைசி மாதமும் பாதி மாதம்தான். மேலே பார்த்த மூன்று பேருக்கும் வித்தியாசம் 5.3, 5.8, 15. கோடு 75இல் இருக்கும்போது 74க்கும் 76க்கும் நடுவே இருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான் எல்லாமே.

இரண்டு, "மாதச் சதவீதத்தில் கையெழுத்து வாங்கியாச்சு." அந்த ஐந்து எண்ணும் சரி என்றுதான் அவள் கையெழுத்துப் போட்டாள். அவற்றைக் கூட்டி ஐந்தால் வகுக்கலாம் என்று எங்கே கையெழுத்துப் போட்டாள்?

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள், இதில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. "வந்தது, நடந்தது இரண்டையும் மாதா மாதம் போட்டால் தாள் கொள்ளாது." 82/100 என்று ஒரே கட்டத்தில் எழுதினால் ஆறு எழுத்துதான். ஐந்து மாதம், ஒரு மொத்தம். தாளைப் படுக்கைவசமாகத் திருப்பினால் தாராளமாகக் கொள்ளும். மூன்று பேருக்கும் இப்படி இருக்கும்:

| ரோல் | ஜூன் | ஜூலை | ஆக. | செப். | அக். | மொத்தம் | சதவீதம் |
|---|---|---|---|---|---|---|---|
| 17 | 10/20 | 82/100 | 80/100 | 72/90 | 28/40 | 272/350 | 77.71 |
| 23 | 20/20 | 72/100 | 70/100 | 63/90 | 36/40 | 261/350 | 74.57 |
| 58 | – | 76/100 | 75/100 | 68/90 | 31/40 | 250/330 | 75.76 |

இந்த மாதிரி தாள் ஒட்டினால் ஆபீஸுக்குப் போய் நிற்கவேண்டிய அவசியமே இல்லை. போர்டுக்கு முன்னால் நின்றபடி விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சதவீதம் மட்டும் போட்ட தாளில் தப்பு இருந்தாலும் மாணவனால் நிரூபிக்கமுடியாது. நம்பர் 17 தன்னிடம் டைரியில் குறித்துவைத்திருந்ததால்தான் 272 என்று சொல்லமுடிந்தது. டைரி எழுதாதவர்கள் என்ன செய்வார்கள்? பணம் கட்டுவார்கள்.

நம்பர் 23இன் 74.57ஐ கவனித்தீர்களா? புள்ளிக்குப் பின்னால் ஒன்றும் வேண்டாம் என்று எக்ஸெல்லில் ஃபார்மேட் வைத்தால் அது 75 என்று தெரியும். ஆனால் ஷார்ட்டேஜ் போடுகிற ஃபார்முலா உள்ளே இருக்கிற 74.57ஐத்தான் பார்க்கும். தாளில் '75' என்றும் பக்கத்திலேயே 'ஷார்ட்டேஜ்' என்றும் இருக்கும். இதற்கு ஆபீஸில் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள், 'சிஸ்டம் அப்படிக் காட்டுது' என்பதைத் தவிர. ரவுண்ட் பண்ணுவதா இல்லையா என்பது விதியில் இருக்கவேண்டிய சமாச்சாரம், செல் ஃபார்மேட்டில் இருக்கவேண்டியது இல்லை. இரண்டு இலக்கம் அச்சடித்துவிட்டால் குழப்பம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஓ.டி. விஷயமும் இப்படித்தான். என்.எஸ்.எஸ். கேம்ப் போனவன், காலேஜ் டீமுக்கு விளையாடப் போனவன் எல்லாரும் ரிஜிஸ்டரில் P இல்லை, OD. `status = 'P'` என்று மட்டும் எழுதிவிட்டால் காலேஜுக்காக ஓடியவன் ஆப்சென்ட். அவனை வந்தவனாக எண்ணுவதா, நடந்த வகுப்பில் இருந்தே கழிப்பதா என்று காலேஜ் முடிவு செய்து எழுதிவைக்கவேண்டும். இரண்டுக்கும் விடை வேறு: 100க்கு 70 வந்து 10 ஓ.டி. என்றால் ஒன்றில் 80, இன்னொன்றில் 90க்கு 70, 77.78. கோடிங் எழுதுகிற பையன் ராத்திரி பத்து மணிக்கு எடுக்கிற முடிவாக அது இருக்கக்கூடாது.

தாளை ஒட்டுவதற்கு முன் சரிபார்க்க ஐந்து நிமிஷம் போதும். புரட்டிய ரிப்போர்ட்டில் எல்லா மாணவரின் எல்லா மாதத்து 'வந்தது' எண்களையும் கூட்டுங்கள். மூலப் பட்டியலில் `SELECT SUM(present), COUNT(*) FROM attendance` போட்டு வருகிற முதல் எண்ணோடு ஒத்துப்போகவேண்டும். 'நடந்தது' எண்களின் கூட்டல் இரண்டாவது எண்ணோடு ஒத்துப்போகவேண்டும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிறதா என்று பார்ப்பது மாதிரி. டேலி ஆகவில்லை என்றால் ஏதோ மாதம் விடுபட்டிருக்கிறது அல்லது எங்கோ வரிசை இரட்டிப்பாகியிருக்கிறது. டேலி ஆகிவிட்டால், பட்டியலில் தாமதமாகச் சேர்ந்த ஒருவரையும், குறைந்த வகுப்பு நடந்த மாதத்தில் அதிகம் வராத ஒருவரையும் எடுத்து கையால் போட்டுப் பாருங்கள். எல்லா மாதமும் 90 வாங்குகிற ஆளை எடுத்து சோதித்தால் எந்த முறையிலும் 90தான் வரும், தப்பு ஒளிந்துகொள்ளும்.

ரோல் நம்பர் 17 போன்றவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். "என் பர்சன்டேஜ் என்ன" என்று கேட்காமல், "எனக்கு எத்தனை ஹவர்ஸ் நடந்தது, எத்தனை வந்திருக்கேன்" என்று எழுத்தில் கேட்கவேண்டும். அந்த இரண்டு எண்ணையும் எழுத்தில் கொடுத்த பிறகு, 72.4 என்று ஆபீஸில் யாராலும் சொல்லமுடியாது.